வீட்டுப் பேச்சு வெளியே போகும் வழி: ஸ்பீக்கரும் கேமராவும் எதைப் பதிகின்றன, எங்கே வைக்கின்றன

2018 மே மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரத்தில் ஒரு தம்பதியர் வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தது அப்படியே பதிவாகி, கணவரிடம் வேலை பார்க்கும் ஒருவரின் போனுக்குப் போய்விட்டது. அவர்தான் பதறிக் கூப்பிட்டு, வீட்டில் உள்ள அலெக்சா கருவிகளை, அதாவது பேச்சில் சொல்லும் கட்டளையைக் கேட்டு இயங்கும் அமேசான் ஸ்பீக்கர்களையெல்லாம், உடனே பிடுங்கி வைக்கச் சொன்னார். முதலில் இவர்கள் நம்பவில்லை. வீட்டுக்கு மரத்தரை போடுவது பற்றித்தானே பேசினீர்கள் என்று அவர் கேட்ட பிறகுதான் உறைத்தது.

யாரும் வெளியிலிருந்து ஊடுருவவில்லை. என்ன நடந்தது என்று அமேசான் நிறுவனமே விளக்கியது. பேச்சின் நடுவே வந்த ஏதோ ஒரு சொல் 'அலெக்சா' என்பதுபோல் ஒலித்ததால் கருவி விழித்துக்கொண்டது. அடுத்து வந்த பேச்சை 'செய்தி அனுப்பு' என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டது. 'யாருக்கு?' என்று சத்தமாகவே கேட்டது. பேச்சில் வந்த இன்னொரு சொல்லைத் தொடர்புப் பட்டியலில் இருந்த ஒரு பெயராகப் புரிந்துகொண்டது. அந்தப் பெயரைச் சொல்லி 'சரிதானே?' என்று மறுபடி கேட்டது. அதற்கும் பேச்சிலேயே 'சரி' என்பதுபோல் ஒன்று கிடைத்துவிட, பதிவு கிளம்பிவிட்டது. கருவி கேட்ட இரண்டு கேள்விகளும் அந்த வீட்டில் யார் காதிலும் விழவில்லை.

இந்தச் சம்பவத்தை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்மார்ட் ஸ்பீக்கர் பற்றிய பயம் பெரும்பாலும் 'எந்நேரமும் பதிந்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது' என்பதாகத்தான் இருக்கிறது. உண்மையான சிக்கல் அங்கே இல்லை. கருவி தவறாக விழித்துக்கொள்வதிலும், விழித்த பிறகு போன பதிவு எத்தனை இடத்தில் தங்குகிறது என்பதிலும்தான் இருக்கிறது.

ஸ்பீக்கரின் மைக் எப்போதும் திறந்தே இருக்கும், அது உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் சிறிய சிப் ஒரே ஒரு வேலைதான் செய்கிறது: கடைசிச் சில விநாடிகளின் ஒலியைத் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அதில் தன் பெயர் போன்ற ஒலி இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் புதிய ஒலி பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். இந்த வேலைக்கு இணையம் வேண்டாம். பெயர் கேட்டதாக அது முடிவு செய்தால்தான் விளக்கு எரியும், ஒலி நிறுவனத்தின் சர்வருக்குப் போகத் தொடங்கும். சிறிய சிப் என்பதால் அதன் காது அவ்வளவு துல்லியம் இல்லை. அதனால் சர்வருக்குப் போன ஒலியை அங்கே இருக்கும் பெரிய மென்பொருள் மறுபடி சோதிக்கிறது. உண்மையில் பெயர் சொல்லப்படவில்லை என்று அங்கே தெரிந்தால் விளக்கு சட்டென்று அணைந்துவிடும். ஆனால் அந்தச் சோதனைக்காகவே சில விநாடி ஒலி வீட்டை விட்டு வெளியே போய்விட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

டிவி ஓடும் அறையில் இது அதிகம் நடக்கிறது. உங்கள் வீட்டில் எத்தனை முறை நடக்கிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை, செயலியிலேயே பார்க்கலாம். அலெக்சா செயலியில் More, அப்புறம் Alexa Privacy, அதற்குள் Review Voice History என்று போனால் பதிவுகள் தேதி வாரியாக வரும். பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் இடம் கொஞ்சம் மாறலாம். கட்டளையாகப் புரியாத ஒலிகள், 'அலெக்சாவுக்கானதல்ல' என்ற பொருள்படும் குறிப்போடு அந்தப் பட்டியலில் நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். எந்த அறை, எந்த நேரம், எந்தச் சொல் என்று ஒரு வாரத்திலேயே பிடிபட்டுவிடும். தொலைக்காட்சிதான் எழுப்புகிறது என்றால் கருவியை அங்கிருந்து நகர்த்துவது எந்த அமைப்பை மாற்றுவதையும்விடப் பலன் தரும். வீட்டில் யாருடைய பெயராவது எழுப்பும் சொல்லோடு ஒத்துப்போனால் அந்தச் சொல்லையே மாற்றலாம்.

போர்ட்லண்டில் நடந்ததுபோல் நடக்காமல் இருக்க இரண்டு காரியங்கள் போதும். ஒன்று, கருவி விழித்ததும் 'டிங்' என்று ஒலி எழுப்பும் அமைப்பை அந்தக் கருவியின் ஒலி அமைப்புகளில் போட்டுவிடுவது. வெறும் விளக்கை நம்பினால், முதுகு காட்டி நிற்பவருக்கு எதுவும் தெரியாது. கூடவே ஒலி அளவை மிகக் குறைத்து வைக்காமல் இருக்க வேண்டும். இரண்டாவது, தொடர்புப் பட்டியலைக் கருவிக்குக் கொடுக்காமல் இருப்பது. ஸ்பீக்கர் வழியாக யாருக்கும் செய்தி அனுப்பும் பழக்கம் இல்லாதவர்கள் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுவிடலாம். அனுப்ப ஆள் இல்லையென்றால் எந்தத் தவறான விழிப்பும் இன்னொருவர் போனில் போய் முடியாது.

அப்புறம், மைக்கை நிறுத்தும் பொத்தான். அலெக்சா இயங்கும் எக்கோ ஸ்பீக்கர்களில் அதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். மைக்குக்குப் போகும் இணைப்பே மின்னணு வழியில் துண்டிக்கப்படுகிறது என்கிறது நிறுவனம். மென்பொருளில் 'கேட்காதே' என்று சொல்வதைவிட இது உறுதியானது. வீட்டில் முக்கியமான பேச்சு நடக்கும்போது இதை அழுத்தும் பழக்கம் நல்லது.

சரி, போன பதிவு எங்கே இருக்கிறது? நிறுவனத்தின் சர்வரில், உங்கள் கணக்கின் கீழ் இருக்கிறது. அலெக்சாவைப் பொறுத்தவரை நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால், நீங்களாக அழிக்கும் வரை அது இருக்கும். அங்கே இருப்பது ஒலி மட்டும் இல்லை என்பதுதான் பலர் தவறவிடும் செய்தி. ஒலியிலிருந்து எடுத்த எழுத்து வடிவம் தனியாக உண்டு. 'விளக்கை அணை' என்றால் விளக்கு அணைந்த நேரம் இன்னொரு பட்டியலில் ஏறும். நினைவூட்டல், வாங்க வேண்டிய பொருள்கள், கேட்ட பாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம். ஒரு குரல் பதிவை அழிப்பது இத்தனையையும் அழிப்பது ஆகாது.

இது வெறும் சந்தேகம் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி, குழந்தைகளின் அலெக்சா பதிவுகள் தொடர்பாக அமேசான் மேல் வழக்கு தொடுத்தது. பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் அந்தப் பேச்சின் எழுத்து வடிவங்களை எல்லாத் தரவுத்தளங்களிலிருந்தும் நிறுவனம் நீக்கவில்லை என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. 2.5 கோடி டாலர் அபராதத்துக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் சட்டத்தை மீறியதாக ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கு இதில் அபராதத் தொகையைவிட அந்த 'எழுத்து வடிவம்' என்ற விவரம்தான் முக்கியமாகத் தெரிகிறது. குரலை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேட்டால்தான் புரியும். எழுத்தை நொடியில் தேடிவிடலாம்.

இன்னொரு கேள்வி, அந்தப் பதிவை மனிதர் யாராவது கேட்கிறார்களா என்பது. 2019-இல் அமேசான், கூகுள், ஆப்பிள் மூன்று நிறுவனங்களிலுமே, பதிவுகளில் ஒரு சிறு பகுதியை ஆட்கள் கேட்டுத் திருத்துகிறார்கள் என்பது அடுத்தடுத்து வெளிவந்தது. மென்பொருள் சரியாகப் புரிந்துகொண்டதா என்று பார்ப்பதற்காகச் செய்தது. ஆனால் அந்தச் சிறு பகுதியில் தவறான விழிப்புகளும் கலந்திருந்தன, அதாவது யாரும் கருவியிடம் பேசாதபோது பதிவான வீட்டுப் பேச்சு. அதற்குப் பிறகு ஆப்பிள், பயனர் சம்மதித்தால் மட்டும் என்று மாற்றியது. அலெக்சாவில் இதை நாமேதான் நிறுத்த வேண்டும்.

இந்த எல்லாவற்றுக்கும் ஒரே பக்கம்தான். Alexa Privacy-க்குள் Manage Your Alexa Data. அங்கே பதிவுகளை எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 'சேமிக்க வேண்டாம்' என்ற பொருளுள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். அதே பக்கத்தில் குரல் பதிவுகளை மேம்பாட்டுக்குப் பயன்படுத்துவதற்கான அனுமதியும், வீட்டுக் கருவிகளின் வரலாற்றை அழிப்பதும் இருக்கும். மூன்றையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 'சேமிக்க வேண்டாம்' என்றால் 'அனுப்ப வேண்டாம்' என்று பொருள் இல்லை. ஒலி சர்வருக்குப் போகும், கட்டளை நிறைவேறியதும் அழியும். ஒலியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஒரு அமைப்பு, சில எக்கோ கருவிகளில் மட்டும் முன்பு இருந்தது. 2025 மார்ச் 28-ஆம் தேதியோடு அமேசான் அதை எடுத்துவிட்டது. சேமிப்பை நிறுத்தினால் யார் பேசுகிறார்கள் என்று குரலை வைத்து அடையாளம் காணும் வசதியும் போய்விடும். பெரும்பாலான வீடுகளுக்கு அது பெரிய இழப்பாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது கேமராவுக்கு வருவோம். இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'உள்ளேயே சேமிக்கப்படும்' என்பது. மெமரி கார்டிலோ வீட்டில் வைக்கும் ஒரு பெட்டியிலோதான் காட்சி இருக்கும், எங்கள் சர்வருக்கு வராது என்று சொல்லி விற்கப்படும் கேமராக்கள் நிறைய. 2022 நவம்பரில் யூஃபி என்ற நிறுவனத்தின் கேமராக்களில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டது வேறு. யாராவது கேமரா முன்னால் வந்தால் போனுக்கு ஒரு அறிவிப்பு வரும், அதில் ஆளின் சிறு படமும் இருக்கும். அந்தச் சிறு படம் கிளவுட் சர்வர் வழியாகத்தான் போயிருந்தது. எழுத்து மட்டும் உள்ள அறிவிப்பு, படத்தோடு உள்ள அறிவிப்பு என்று இரண்டு வகை உண்டு. படத்தைத் தேர்ந்தெடுத்தால் அது கொஞ்ச நேரம் கிளவுடில் இருக்க வேண்டியிருக்கும் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டோம் என்று நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது.

யோசித்துப் பார்த்தால் இது ஒரு நிறுவனத்தின் தவறு மட்டும் இல்லை. நீங்கள் வெளியூரில் இருக்கும்போது வீட்டு வாசலில் நிற்பவரின் படம் உங்கள் போனில் தெரிகிறது என்றால், அந்தப் படம் ஏதோ ஒரு வழியாக வந்துதான் ஆக வேண்டும். முழுக் காட்சி கார்டில் இருப்பதும் உண்மையாக இருக்கலாம், படம் வெளியே போவதும் உண்மையாக இருக்கலாம். விளம்பரத்தில் முதல் பாதி மட்டும் வரும்.

உங்கள் கேமரா என்ன செய்கிறது என்பதை ஓரளவு நீங்களே அளந்து பார்க்கலாம். பல ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கத்தில், இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவியும் எவ்வளவு அனுப்பியது, எவ்வளவு வாங்கியது என்று காட்டும். அனுப்பிய அளவுதான் நமக்கு வேண்டியது. ரவுட்டரில் அது இல்லையென்றால், வீட்டின் மற்ற கருவிகளையெல்லாம் ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு மொத்த அப்லோட் அளவைப் பார்க்கலாம்.

அளவுகளை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண 1080 தரக் காட்சி விநாடிக்கு சுமார் 2 மெகாபிட் என்று எடுத்துக்கொண்டால், ஒரு நிமிடத்துக்கு 15 எம்பி. பத்து நிமிடக் காட்சி வெளியே போனால் 150 எம்பி. ஒரு சிறு படம் 50 கேபி என்று வைத்தால், இருபது படம் சேர்ந்தாலும் 1 எம்பிதான், அதாவது நான்கு விநாடிக் காட்சியின் அளவு. ஆகவே காட்சி போவதைக் கண்டுபிடிப்பது சுலபம். படம் போவது கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் ஒரு மணி நேரம் கேமராவின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, செயலியையும் மூடிவிடுங்கள். அப்போதும் கொஞ்சம் போகும். கேமரா உயிரோடு இருக்கிறது என்று சர்வருக்கு அவ்வப்போது சொல்லிக்கொண்டிருக்கும் செய்தி அது. அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் துணியை எடுத்துவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒரு முறை என்று இருபது தடவை கேமரா முன்னால் நடந்து போங்கள். செயலியைத் திறக்க வேண்டாம். முதல் மணி நேரத்தைவிட ஒன்றிரண்டு எம்பி கூடியிருந்தால் படங்கள் போகின்றன என்று எண்ண இடம் உண்டு. நூறு எம்பிக்கு மேல் கூடியிருந்தால் காட்சியே போகிறது. பிறகு அறிவிப்பை எழுத்து மட்டும் வரும்படி மாற்றிவிட்டு இதே இருபது நடையை மறுபடி நடந்து பாருங்கள். கூடுதல் அளவு காணாமல் போனால் படம்தான் காரணம் என்பது உறுதியாகிவிடும். மாற்றிய பிறகும் குறையவில்லை என்றால், அந்த அமைப்பு அறிவிப்பில் தெரிவதை மட்டும்தான் மாற்றுகிறது, அனுப்புவதை நிறுத்தவில்லை.

கடைசியாக, போனை அதே வீட்டு வைஃபையில் வைத்துக்கொண்டு நேரலையைப் பத்து நிமிடம் பாருங்கள். கேமராவும் போனும் ஒரே வீட்டில் இருந்தும் 150 எம்பி வெளியே போயிருந்தால், உங்கள் கூடத்தின் காட்சி நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த் திரும்பி வந்து உங்கள் கையில் தெரிகிறது. இந்தச் சோதனை எவ்வளவு போனது என்றுதான் சொல்லும், உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. அது குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும்.

வெளியே போவது வேண்டவே வேண்டாம் என்றால், ரவுட்டரில் அந்தக் கேமராவுக்கு இணையத்தை மட்டும் தடுக்கலாம். பெற்றோர் கட்டுப்பாடு என்ற இடத்தில் பெரும்பாலும் இந்த வசதி இருக்கும். தடுத்த பிறகு ஒரு நாள் விட்டு, கார்டில் பதிவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சில கேமராக்கள் சர்வர் இல்லாமல் பதிவதையே நிறுத்திவிடும், சிலவற்றில் வீட்டுக்குள் இருந்தும் செயலி திறக்காது. வாங்கும்போதே விவரக் குறிப்பில் ONVIF அல்லது RTSP என்று இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். வெவ்வேறு நிறுவனக் கருவிகள் காட்சியைப் பரிமாறிக்கொள்ள உதவும் பொதுவான முறைகள் அவை. அவை இருந்தால் நிறுவனத்தின் செயலி இல்லாமலே வீட்டில் உள்ள ஒரு பதிவுப் பெட்டியோடு கேமராவை இணைக்கலாம். இணையம் இல்லாத கேமராவின் கடிகாரம் மெல்ல மெல்லத் தவறும் என்பதால் மாதம் ஒரு முறை நேரத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். மேலே சொன்ன கணக்கில் 64 ஜிபி கார்டு, இடைவிடாமல் பதிந்தால், ஏறத்தாழ மூன்று நாளில் நிரம்பிப் பழையதன் மேல் எழுதத் தொடங்கும். கேமராவைத் திருடினால் கார்டும் போய்விடும், ஆகவே கைக்கு எட்டும் உயரத்தில் வைப்பதைத் தவிர்க்கலாம்.

கிளவுட் வேண்டும் என்பவர்களும் உண்டு. வயதான பெற்றோரைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் இணையத்தைத் துண்டிக்கச் சொல்வது நியாயமாக இருக்காது. அவர்கள் தேட வேண்டியது இரு முனைக் குறியாக்கம், அதாவது காட்சியைத் திறக்கும் சாவி உங்கள் போனில் மட்டும் இருக்கும் ஏற்பாடு. சாதாரணமாகச் சொல்லும் 'குறியாக்கம்' வேறு. அதில் வழியில் யாரும் பார்க்க முடியாது, ஆனால் சாவி நிறுவனத்திடமும் இருக்கும். 2023-இல் வீட்டுக் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் மேல் எஃப்டிசி தொடுத்த வழக்கில் சொல்லப்பட்டது இந்த வேறுபாட்டின் விலைதான். 2017-இல் ஒரு ஊழியர், படுக்கையறை போன்ற இடங்களில் வைத்திருந்த கேமராக்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பல மாதங்கள் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 81 பெண்கள். ரிங் இப்போது பல கேமராக்களில் இரு முனைக் குறியாக்கத்தைத் தருகிறது, ஆனால் அதை நாமாகத்தான் போட வேண்டும். போட்டால் கணினி உலாவியில் பார்ப்பது போன்ற சில வசதிகள் நின்றுவிடும், ஏனென்றால் நிறுவனத்தின் சர்வரால் காட்சியைத் திறக்க முடியாது. வசதி நிற்பதே அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கணக்குக்கு இரு படிச் சரிபார்ப்பும் போடுங்கள். வேறு எங்கோ கசிந்த பாஸ்வேர்டை வைத்துக் கேமராவுக்குள் நுழைவதை அது தடுக்கும்.

தனி வைஃபையில் கருவிகளைப் போடுவதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நல்லதுதான், ஒரு கருவி கெட்டுப்போனால் உங்கள் கணினியைத் தொட முடியாது. ஆனால் நிறுவனத்துக்குப் போகும் பதிவு அதனால் ஒரு துளியும் குறையாது.

மற்ற கருவிகளில் டிவியை மட்டும் சொல்லிவிடுகிறேன். திரையில் ஓடும் காட்சியின் சாயலை எடுத்து அனுப்பி, என்ன பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கும் வசதி பல ஸ்மார்ட் டிவிகளில் உண்டு. விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் சொல்லாமல் இதைச் செய்ததற்காக 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டியது. கேபிள், டிவிடி என்று வெளியிலிருந்து செருகிய எதையும் அது படித்தது. இதை டிவியின் தனியுரிமை அமைப்புகளில், பார்வைத் தகவல் என்பதுபோன்ற பெயரில் தேடி நிறுத்த வேண்டும்.

கருவியை விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ போகிறீர்கள் என்றால், முதலில் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள், வைஃபை பாஸ்வேர்டும் உள்ளே இருந்த பதிவும் அதில் போகும். அப்புறம் செயலியில் அந்தக் கருவியைக் கணக்கிலிருந்து நீக்குங்கள், இல்லையென்றால் சில கேமராக்களில் புது உரிமையாளரின் வீடு உங்கள் போனில் தெரியும். சர்வரில் இருக்கும் பழைய பதிவுகள் இந்த இரண்டினாலும் அழியாது. அவற்றைக் கணக்குக்குள் போய்த் தனியாக அழித்துவிட்டு, ஒரு நாள் கழித்து அதே பட்டியலை மறுபடி திறந்து காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.